கைத்தொலைபேசியில் உள்ள போர்டிங் பாஸ் ஏன் மறுக்கப்படுகின்றது?

சாவகச்சேரியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தைச் சென்றடைய ஏ-9 வீதியூடாக ஏழெட்டு மணித்தியாலங்கள் வேண்டும். உம்றாவுக்கும், தொழிலுக்கும், புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் காணவும் புறப்படும் எம்மவர் பலர், வீட்டிலிருந்தே இணையவழியில் 'செக்-இன்' செய்துவிட்டு வருகின்றனர். எனினும், அவர்களுட் சிலர் கருமபீடத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றனர். இதற்கான காரணங்களை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 48 அல்லது 24 மணித்தியாலங்களுக்கு முன்னர் இப்பதிவைத் திறக்கின்றன. மூடும் நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எமிரேட்ஸ் நிறுவனத்தில் 48 மணித்தியாலத்துக்கு முன்னர் திறந்து, 90 நிமிடங்களுக்கு முன்னர் மூடப்படுகின்றது. இவ்விதிப்படி, சனிக்கிழமை அதிகாலை 2.30 மணி விமானத்துக்கான பதிவு வியாழன் அதிகாலை 2.30 மணிக்குத் திறந்து, சனி அதிகாலை 1.00 மணிக்கு மூடப்படும். அதாவது, வெள்ளி இரவே அனைத்தும் முடிந்துவிடும். பயணச்சீட்டில் 'சனி' என்றிருப்பதைக் கண்டு சனி இரவு வருபவர் விமானத்தைத் தவறவிடுவார். அவர் வெள்ளி நண்பகலிலேயே சாவகச்சேரியை விட்டுப் புறப்பட வேண்டும். பொதிகளை ஏற்கும் கருமபீடத்துக்குத் தனியான மூடும் நேரம் உண்டு. இணையத்தில் பதிந்தமையால் அது நீடிக்கப்படமாட்டாது.

அடுத்து, போர்டிங் பாஸ். விசா தேவைப்படும் பயணங்களில் கடவுச்சீட்டையும் விசாவையும் ஊழியர் நேரிற் பார்க்கும்வரை பதிவு முழுமை பெறாதிருக்கலாம். உரிய விசாவற்ற பயணியை ஏற்றிச் சென்றால் நிறுவனம் அபராதம் செலுத்த நேரிடும் என்பதே இதற்குக் காரணம். இத்தகைய வேளைகளில் தொலைபேசிக்கு வருவது பதிவை உறுதிப்படுத்தும் கடிதம் மட்டுமே. அதில் சதுரக் குறியீடு இல்லையெனில் அது போர்டிங் பாஸ் அன்று.

குறியீடு இருந்தும் மறுக்கப்படுவதுண்டு. பயணியின் பெயர், பதிவெண், விமான இலக்கம், நாள், ஆசனம் ஆகியன அக்குறியீட்டினுள் எழுதப்பட்டுள்ளன. திரையைப் படம்பிடித்து வைத்தால், அந்த நேரத்துத் தகவலே அதில் உறைந்துவிடும். பின்னர் நிறுவனம் எம்மை வேறொரு விமானத்துக்கு மாற்றினால், பழைய படம் வாசலில் ஏற்கப்படாது. வெளிச்சம் குறைந்த திரை, வெடித்த கண்ணாடி, ஓரம் வெட்டுப்பட்ட படம் என்பவற்றையும் வருடி வாசிப்பதில்லை. கடதாசிக் குறியீட்டுக்கென அமைந்த சில பழைய லேசர் வருடிகளுக்குத் தொலைபேசித் திரையை வாசிக்கும் ஆற்றலே இல்லை. சில விமான நிலையங்களில் கடதாசிச் சீட்டே கேட்கப்படுகின்றது.

ஆகவே, வீட்டை விட்டுப் புறப்படுமுன் போர்டிங் பாஸைப் புதிதாகத் திறந்து, விமான இலக்கத்தையும் திகதியையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கடதாசியிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நன்று. விசாவுடன் செல்வோர், தொலைபேசியில் எது இருப்பினும், கருமபீடம் மூடப்படுவதற்கு முன்னரே அங்கு நிற்க வேண்டும். இரவு முழுவதும் பயணித்து வந்தவரை வாசலில் காப்பது இம்முன்னேற்பாடேயாகும்.