ஆறாத புண் எங்கே நின்றுவிடுகிறது?

அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்டால் சில நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. அடுத்த 3, 4 நாட்கள் வீக்கமும் சூடும் இருக்கும். வெள்ளை அணுக்கள் கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும் நேரம் அது. பிறகு சிவந்த, பொடிப்பொடியான புதுச் சதை வளர, ஓரத்திலிருந்து தோல் மூடுகிறது. தழும்பு உறுதிப்பட ஓராண்டுகூட ஆகலாம். அப்போதும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் கிடைக்கும்.

சர்க்கரை நோயாளியின் பாதப் புண் பெரும்பாலும் அந்த வீக்கக் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. ரத்த ஓட்டம் குறைவு, வெள்ளை அணுக்கள் மந்தம். கால் மரத்துப்போய் வலி தெரியாததால், புண்ணை மிதித்தே நடக்கிறார். முறையாகச் சிகிச்சை செய்தும் 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகச் சுருங்காவிட்டால், களிம்பை மாற்றுவது மட்டும் போதாது. ரத்த ஓட்டம், கிருமித் தொற்று, பாதத்தில் விழும் அழுத்தம் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.