டயாலிசிஸ் செய்பவருக்குப் பல் பிடுங்க எந்த நாள்?

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. பிடுங்கியே ஆக வேண்டும். செவ்வாய் அல்லது வியாழன் காலைதான் சரி. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் தருவார்கள். அதன் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாள் ரத்தத்தில் கழிவும் குறைந்திருக்கும், உடல் அசதியும் தணிந்திருக்கும். பிடுங்கிய குழியில் பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடிக்க வேண்டும். அதன் பிறகும் வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் உடனே மருத்துவரிடம் திரும்புங்கள். அடுத்த டயாலிசிஸில் ஹெப்பாரினைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டியிருக்கும் என்பதால், பல் பிடுங்கியதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

ஃபிஸ்டுலா உள்ள கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மிச்சமிருக்கும் சிறுநீரையும் குறைக்கும், வயிற்றில் ரத்தம் கசியவைக்கும். அமாக்சிசிலினை டயாலிசிஸ் இழுத்துவிடும்; அன்றைய மாத்திரையை முடிந்த பிறகே போடுங்கள்.