கிலோவுக்கு எத்தனை பீஸ்?

திருப்பூரில் ஒரு ஆர்டர் முடிந்து சரக்கு கப்பல் ஏறிய பிறகு கணக்குப் பார்க்கும் ஏற்றுமதியாளர்களுக்கு அடிக்கடி ஒரு குழப்பம் வரும். காஸ்டிங் ஷீட்டில் இருந்த லாபம் கையில் இல்லை. யாரும் திருடவில்லை, பையர் பணத்தைப் பிடிக்கவும் இல்லை. பிறகு எங்கே போனது? வருட முடிவில் ஆடிட்டர் தரும் கணக்கிலும் பதில் கிடைக்காது. அதில் நூல், சாயம், கூலி எல்லாம் மொத்தத் தொகைகளாகத்தான் இருக்கும்.

மைக்கேல் போர்ட்டர் 1985-இல் எழுதிய நூலில் விளக்கிய மதிப்புச் சங்கிலி ஆய்வு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவதுவரை ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக எடுத்து, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்ப்பது அதன் அடிப்படை. அதோடு, ஒரு கட்டத்தில் செய்தது இன்னொரு கட்டத்தின் செலவை எப்படி மாற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். பின்னலாடைத் தொழிலுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் உயிர்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 20,000 டி-ஷர்ட், துணி 180 ஜிஎஸ்எம். நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 360 ரூபாய். சேதாரம் 7 சதவீதம் என்று வைத்தால், வெட்டத் தயாரான துணி கிலோ 387 ரூபாய். கட்டிங் கழிவோடு பீஸுக்கு 200 கிராம் துணி. தையல், அக்சஸரீஸ், இதர செலவுகள் போக பீஸுக்கு 12 ரூபாய் லாபம். மொத்தம் 2,40,000.

நடந்தது வேறு. துணி 188 ஜிஎஸ்எம்மாக வந்தது. கையால் தொட்டால் வித்தியாசம் தெரியாது. ரவுண்டு கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடை போட்டால்தான் 1.80 கிராமுக்குப் பதில் 1.88 கிராம் காட்டும். நிட்டிங்கில் லூப் நீளத்தைக் குறைத்திருக்கலாம், சுருக்கம் வராமலிருக்க காம்பேக்டிங்கில் துணியை அதிகமாக அழுத்தியிருக்கலாம். எதுவானாலும் பீஸுக்கு 200 கிராம் போய் 209 ஆகிவிட்டது. சேதாரமும் 7-க்குப் பதில் 10 சதவீதம். இரண்டும் சேர்ந்து சுமார் 340 கிலோ நூலைக் கூடுதலாக விழுங்கின. பீஸுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் செலவு கூடியது. லாபத்தில் பாதி, துணி கட்டிங் டேபிளுக்கு வரும்முன்பே போய்விட்டது.

மீதிப் பாதி போன விதத்தைத்தான் முதலாளிகள் கவனமாகப் பார்க்க வேண்டும். நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இப்போது இயங்கும் ஆலைகளிலிருந்து கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்பதால் சுத்திகரிப்புச் செலவும் டையிங் ரேட்டில் சேர்கிறது. அதனால் அங்கே இரண்டு மூன்று ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவது இயல்புதான். நம் கணக்கில் கிலோவுக்கு 3 ரூபாய் குறைவாகக் கேட்ட டையிங்குக்கு வேலை போனது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் சுமார் 13,000 ரூபாய். ஒரு கலரில் ஷேடு பொருந்தாமல் ரீடையிங் போய் ஐந்து நாள் நழுவியது. தையலில் ஓவர்டைம் போட்டும் 3,000 பீஸ் கப்பலைத் தவறவிட்டன. பெட்டியோடு 540 கிலோ. விமானத்தில் கிலோ 250 ரூபாய் என்றால் 1,35,000. இப்போது ஆர்டரே நஷ்டம்.

கணக்குப் புத்தகத்தில் இந்த 1,35,000 சரக்குப் போக்குவரத்துச் செலவாகவே பதிவாகும், திட்டு ஷிப்பிங் பிரிவுக்கு விழும். ரேட்டைக் குறைத்த பர்ச்சேஸ் பிரிவுக்குப் பாராட்டு கிடைத்திருக்கும். செலவு எங்கே தெரிகிறதோ அங்கே தேடினால் காரணம் அகப்படாது. ஒவ்வொரு விமானச் சரக்கையும், ஒவ்வொரு ஓவர்டைமையும் அது பிறந்த கட்டத்தின் பெயரில் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதினால் 3 ரூபாய் சலுகையின் உண்மையான விலை தெரியும்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஜாப் ஒர்க்குக்குத் துணி போகும்போதும் வரும்போதும் போடும் டெலிவரி சலானிலேயே எடை இருக்கிறது. லாட் வாரியாக அதைச் சேர்த்து எழுதினால் எந்த யூனிட்டில் எவ்வளவு சேதாரம் என்பது விளங்கும். ஈரத்தோடு எடை போட்ட துணி இந்தக் கணக்கை ஏமாற்றும் என்பதால் காய்ந்த துணியைத்தான் நிறுக்க வேண்டும். கட்டிங்கில் முதல் 100 கிலோவுக்கு 500 பீஸ் விழ வேண்டிய இடத்தில் 478 விழுந்தால், மீதித் துணியை வெட்டாமல் நிறுத்தி ஜிஎஸ்எம் பார்க்கலாம். டையிங்குக்குப் போகாத துணி இருந்தால் அதையாவது காப்பாற்றலாம்.

இந்த ஆய்வால் அடைக்க முடியாத ஓட்டையும் உண்டு. ஆர்டர் விலை டாலரில் முடிவான பிறகு மாதத் தொடக்கத்தில் மில்கள் நூல் விலையை ஏற்றினால், அது கம்பெனிக்குள் நடக்கும் கசிவு அல்ல. ஆர்டர் உறுதியான அன்றே நூலை புக் செய்வதுதான் அதற்கு வழி, அதற்குக் கையில் பணம் வேண்டும். சிறிய ஏற்றுமதியாளருக்கு இன்னொரு சிரமமும் இருக்கிறது. சேதாரம் கூடினால் டையிங் பில்லில் பிடித்தம் செய்யலாம் என்று ஆய்வு சொல்லும். ஆனால் அப்படிப் பிடித்தால் சீசனில் அதே டையிங்கில் அவர் லாட் கடைசியில் நிற்கும். அதனால் எத்தனை சதவீதம் வரை ஒப்புக்கொள்வது, ஷேடு தவறினால் யார் செலவு என்பதை ரேட் பேசும் நாளிலேயே ஆர்டர் தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும்.