சந்தையில் நான்கு நிலைகள்

வணிகக் கல்வி பயிலும் மாணவர் பலர் ‘போட்டி உபாயங்கள்’ என்ற தலைப்பிற் கட்டுரை வரையும்போது, விலையைக் குறை, விளம்பரத்தைப் பெருக்கு, தரத்தை உயர்த்து என எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிடுவர். கரடியனாற்றில் என் மேசைக்கு வந்த விடைத்தாள்களில் இக்குறையையே மிகுதியாகக் கண்டிருக்கிறேன். எவன் செய்கிறான் என்பதை அறியாமல் என்ன செய்யவேண்டும் என்று கூறுவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடைகாண உதவும் பகுப்பு ஒன்றை அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் கொட்லர் தம் சந்தைப்படுத்தல் நூல்களில் விளக்கியுள்ளார். ஒரு சந்தையில் நூறு பங்கு விற்பனை நிகழ்வதாகக் கொள்வோம். அதில் நாற்பதைப் பெறுபவர் தலைவர். முப்பதைப் பெற்று அவரை வீழ்த்த முயல்பவர் சவால் விடுபவர். இருபதைப் பெற்று அமைதியாகப் பின்செல்பவர் பின்பற்றுபவர். எஞ்சிய பத்தைத் தமக்குள் பகிர்ந்து, பெரியவர் கண்படாத மூலைகளில் வாழ்பவர் தனியிடம் பற்றியவர். இவ்வெண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. உண்மைச் சந்தை எதுவும் இத்துணை ஒழுங்காக அமைவதில்லை.

இதனை நம் நாட்டுக் கையடக்கத் தொலைபேசிச் சந்தையை வைத்து விளக்குகிறேன். 1989இல் செல்ரெல் நிறுவனம் தென்னாசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை இலங்கையில் ஆரம்பித்தது. பின்னர் வேறு இரு நிறுவனங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றான மொபிட்டெல் 1993இற் சேவையைத் தொடங்கியது. 1995இல் நான்காவதாக, எல்லாருக்கும் பின்னே வந்தது டயலொக். முன்வந்தோர் மூவரும் பழைய ஒப்புமை முறையிலேயே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தனர். டயலொக் நிறுவனமோ ஜி.எஸ்.எம். எனப்படும் எண்முறைத் தொழில்நுட்பத்துடன் களம் புகுந்தது. தெளிவான ஒலி, பிறர் எளிதில் ஒட்டுக்கேட்க முடியாத பாதுகாப்பு, ஒரு கருவியிலிருந்து கழற்றி மற்றொன்றில் இடக்கூடிய சிம் அட்டை ஆகியன அதனுடன் வந்தன. ஏனையோர் பழைய கருவிகளிற் பெருமுதலை இட்டிருந்தமையால் உடனே அவற்றைத் தூக்கியெறிய இயலவில்லை. 2000ஆம் ஆண்டளவில் கடைசியாக வந்தவரே தலைவராகிவிட்டார்.

இவ்வகைத் தாக்குதலைச் ‘சுற்றிக் கடத்தல்’ என்பர். கோட்டை வாயிலில் மோதாமல், அக்கோட்டையே பயனற்றுப் போகும் வேறு வழியாற் செல்வது இது. சவால் விடுபவர் தேடவேண்டியது எதிராளியின் வலிமையை அன்று. அவர் விரும்பினாலும் பின்பற்ற முடியாத ஒன்றையே.

தலைவரானபின் கடமை மாறுகிறது. அவர் முதலில் மொத்தச் சந்தையையே பெருக்கவேண்டும்; புதிதாக வருவோரிற் பெரும்பாலோர் அவரிடமே வருவராதலின் அதன் பெரும்பயன் அவருக்கே. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின்பின் வடக்குக் கிழக்கிற் சேவை விரிந்ததை நம்மிற் பலர் நினைவுகொள்வர். கட்டைச் சுவரில் ஏறிநின்று ஒலியலை தேடிய காலமும் அதுதான்! அடுத்த கடமை இருப்பதைக் காத்தல்.

காக்கவேண்டிய நாள் 2009 சனவரியில் வந்தது. இந்தியாவின் எயர்ரெல் நிறுவனம் ஐந்தாவது சேவையாளராக இலங்கையிற் காலடி வைத்தது. தாய்நாட்டிற் பேராற்றல் படைத்த அந்நிறுவனம் இங்குக் கையிலெடுத்த ஆயுதம் விலை. மலிவான கட்டணத்தைக் கண்ட மக்கள் புதிய சிம் அட்டைக்கு முண்டியடித்தனர். ஏனையோரும் கட்டணத்தை வெட்டினர். 2009இல் டயலொக் தன் சொத்துகளின் மதிப்புக் குறைப்பையும் சேர்த்து 1,200 கோடி ரூபாய் அளவில் நட்டம் காட்டியது. தலைவர் சாய்ந்தார் என்றே அன்று பலர் எண்ணினர்.

அவர் சாயாமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, எயர்ரெல்லின் செலவு மற்றவரின் செலவினும் குறைந்ததன்று. அதுவும் கோபுரங்களைப் புதிதாக நாட்டவேண்டும், அதே மின்கட்டணத்தைச் செலுத்தவேண்டும். ஆகவே அதன் மலிவு விலை செலவுச் சிக்கனத்திற் பிறந்ததன்று. முதலாளியின் பணப்பையிற் பிறந்தது. அவ்விலையைத் தலைவரும் சில காலம் தாங்கலாம். இந்தியாவில் நிர்மா சலவைத்தூள் சர்ப் தூளை வென்றது இதற்கு நேர்மாறான கதை. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் வீட்டு முற்றத்திற் கையாற் கலந்து செய்த அத்தூளின் ஆக்கச் செலவே மிகக் குறைவு. பெருநிறுவனம் அவ்விலைக்கு இறங்கினால் தன் இலாபம் முழுவதையும் இழக்கும். அதனாற் பின்னாளில் வீல் என்ற வேறொரு பெயரிற் புதிய தூளை இறக்கியே அது போரிட்டது.

இரண்டாவது காரணம் தொலைபேசிக்கே உரியது. அன்று ஒரே வலையமைப்புக்குள் பேசினாற் கட்டணம் குறைவாக இருந்தது. வேறு வலையமைப்புக்குப் பேசினாற் கூடுதலாக இருந்தது. உறவினர் அனைவரும் தலைவரிடம் இருக்கையில் யார் தம் பழைய எண்ணைக் கைவிடுவார்? மக்கள் இரண்டு சிம் அட்டைகளை வைத்துக்கொண்டனர். புதியது இரண்டாவது பைக்குள் அடங்கியது. ஆதலால், விற்ற அட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு சவாலின் வெற்றியை அளத்தல் பிழையாகும். ஓர் அட்டையிலிருந்து மாதந்தோறும் வரும் வருமானத்தை நோக்கவேண்டும்.

2010இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அழைப்புகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை விதித்தது. விலையன்றி வேறு ஆயுதமில்லாதவருக்கு அது பெருந்தடையாயிற்று. ஆணைக்குழு செய்தது சரியா என்பது வேறு விவாதம். பாவனையாளர் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எவ்வாறாயினும், பதினைந்து ஆண்டு முயற்சியின்பின் 2024 யூனில் எயர்ரெல் லங்கா டயலொக்குடன் இணைக்கப்பட்டது. இந்தியத் தாய்நிறுவனம் டயலொக்கில் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேற்பட்ட பங்குகளைப் பெற்றது.

பின்பற்றுபவரைக் கோழை எனக் கருதுதல் தவறு. ஹட்ச் நிறுவனம் நான்காம் தலைமுறைச் சேவையைத் தலைவருக்குச் சில ஆண்டுகள் பிந்தியே தொடங்கிற்று. முதலில் செல்பவன் கல்லும் முள்ளும் விலக்குகிறான். பின்வருபவன் அச்செலவை மிச்சம் பிடிக்கிறான். ஆனாற் செலவைக் குறைத்தே வைத்திருந்தால்தான் இவ்வாழ்வு நிலைக்கும். மிகச் சிறிதாகிவிட்டாற் கோபுரச் செலவே விழுங்கிவிடும். 2018இல் ஹட்ச், எட்டிசலாட் லங்காவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதன் பொருளும் இதுவே.

நான்காம் நிலைக்குத் தொலைபேசிச் சந்தையில் உதாரணம் தேடி நான் களைத்ததுண்டு. வாடிக்கையாளர் சிலரேயாயினும் கோபுரங்களை நாட்டியே ஆகவேண்டுமாதலால் அங்கே மூலைகள் மிகக் குறைவு. ஆனால் செங்கலடியிலிருந்து கரடியனாறு நோக்கி வரும் வீதியோரம் பாருங்கள். மட்டக்களப்பு எருமைத் தயிர் மண்சட்டிகளில் அடுக்கியிருக்கும். சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் இறுகுகிறது. பெரிய பாற்பண்ணை நிறுவனம் ஞெகிழிக் கோப்பையில் தன் தயிரைத் தீவெங்கும் அனுப்புகிறது. சட்டியோ பாரமானது, உடையக்கூடியது, சில நாளுக்கு மேற்படின் உள்ளிருப்பது புளித்துவிடும். பெருநிறுவனத்தின் பாரவண்டிக்கு ஒவ்வாத இக்குறைகளே சட்டித் தயிர்க்காரருக்கு வேலியாகின்றன. அவர் அஞ்சவேண்டியது பெருநிறுவனத்தின் விலையை அன்று. மேய்ச்சற்றரை சுருங்கி எருமைகள் குறைவதையே.