மைக்கில் ‘கள்ளக்குறிச்சி’ ஏன் ‘கல்லக்குறிச்சி’ ஆகிறது?

“வணக்கம். என் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன்மலையில் உள்ள வெள்ளிமலை.” மைக்கில் இப்படி அறிமுகம் செய்பவரின் நாக்கு ளகரத்துக்கும் லகரத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும்.

‘கல்வராயன்’ என்னும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ‘கள்ள’, ‘வெள்ளி’க்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடணும். வளையாவிட்டால் பள்ளி பல்லியாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது முந்தைய உயிரொலி. நாக்கு வளையத் தொடங்கும்போதே ‘க’வில் உள்ள அகரத்தின் ஒலி மாறுகிறது, கேட்பவர் ‘ள்’ வருவதை அதிலிருந்தே பிடிக்கிறார். அதை அவசரமாகத் தாண்டினால் அடையாளம் போச்சு. மைக் சத்தத்தைத்தான் கூட்டும், நாக்கு செய்யாததைச் சேர்க்காது. எதிரொலிக்கும் ஹாலில் இன்னும் மங்கும்.

அடுத்து நெடில். இலக்கணப்படி குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. ‘மாவட்டம்’, ‘ராயன்’ இரண்டிலும் முதல் எழுத்து நீளணும். ஆனால் தெளிவுக்காக எல்லாவற்றையும் இழுத்தால் ‘மலை’ ‘மாலை’யாகிவிடும்.

சோதிப்பது ஈஸி. ‘பள்ளி, பல்லி, மலை, மாலை’ என்பதை வரிசை மாற்றி ஃபோனில் ரெக்கார்ட் செய்து, நண்பரை எழுதச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதும் சொல்லில்தான் உங்கள் பயிற்சி தொடங்கணும்.