நான்கு மொழிக்குப் பதினான்கு தகடு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சுற்றுலாப் புரோஷர் ஒரு மொழியோடு நிற்பதில்லை. குவீன் வீதி மகா மாரியம்மன் கோயிலையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் நடந்து பார்க்க ஒன்று தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கும் வேண்டும். “நாலாயிரம் பிரதி, கலரில், என்ன விலை?” என்று மட்டும் அச்சகத்தைக் கேட்டால், வரும் விலை அதிகமாகவே இருக்கும்.

காரணம் தகடுகள். ஆஃப்செட் அச்சில் எல்லா நிறமும் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் உருவாகிறது. மைக்கு ஒரு தகடு. தாளின் இரு பக்கத்துக்கும் எட்டு. நான்கு மொழிக்கு முப்பத்திரண்டு. தகடு செய்வதற்கும், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்வரை வீணாகும் தாளுக்கும் ஆகும் செலவு, நூறு பிரதிக்கும் பத்தாயிரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்குகிறது.

இங்கே அழகான வழி ஒன்று உண்டு. படங்கள் நான்கு மொழிக்கும் பொது. மாறுவது எழுத்து மட்டுமே. எழுத்து முழுவதையும் தனிக் கருப்பில் வைத்தால், ஆயிரம் பிரதி ஓடியதும் கருப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். முதல் மொழிக்கு எட்டு, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு, மொத்தம் பதினான்கு. ஆனால் படத்தின்மேல் வெள்ளை எழுத்து கூடாது. அது நான்கு மையிலும் விடப்படும் இடைவெளி. மொழி மாறினால் எல்லாத் தகடும் மாறும். படத்தின்மேல் வரும் கருப்பு எழுத்து ‘ஓவர்பிரிண்ட்’ ஆகவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மற்ற மூன்று தகடுகளிலும் எழுத்தின் வடிவில் ஓட்டை விழும்.

தனிக் கருப்பால் தெளிவும் கூடும். பினாங்கின் ஈரக்காற்றில் தாள் சற்றே விரிந்து நிறங்கள் விலகலாம். நான்கு மையில் அடித்த சிறிய தமிழ் எழுத்தின் சுழிகளில் நிறக்கரை தெரியும். ஒரே மையில் அது நேராது.

ஆகவே அச்சகத்துக்கு எழுதும் கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: “விரித்தால் ஏ4, மூன்றாக மடிப்பு. 157 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர். இரு பக்கமும் நான்கு வண்ணம். நான்கு மொழி, மொழிக்கு 1,000; கருப்புத் தகடு மட்டும் மாறும். 2,000 வீதம் என்றால் என்ன விலை என்றும் தெரிவிக்கவும். மொழிவாரியாக பிடிஎஃப் புரூஃப், பிறகு ஒரு வண்ணப் புரூஃப். இரண்டிலும் கையொப்பமிட்ட பிறகே தகடு செய்யவும்.”

பிடிஎஃப் புரூஃபை அந்தந்த மொழி படிப்பவரே பார்க்கவேண்டும். எழுத்துரு சரியாக இணையாவிட்டால் தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது பிழையாகவே படாது. நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரை ஒளியை உமிழ்கிறது, தாள் பிரதிபலிக்கிறது. கோபுரத்தின் பளீர் நீலம் மையில் மங்கும். அதைத் தாளில் எடுத்த வண்ணப் புரூஃபில் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.