32,768 அதிர்வுகள், ஒரு நொடி

கேசியோ நிறுவனத்தின் எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் கைக்கடிகாரம் 1989-இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மாதத்துக்கு 30 நொடிக்கு மேல் முந்தாது, பிந்தாது என்பது அதற்கு நிறுவனம் தரும் உறுதி. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 26 லட்சம் நொடிகள் இருக்கின்றன. அத்தனையிலும் 30 நொடிக்குள் பிழையை அடக்குவது ஒரு குவார்ட்ஸ் துண்டும், அதன் அதிர்வுகளை எண்ணும் சிறு சிப்பும்தான்.

இத்தகைய கடிகாரங்களின் மின்சுற்றுப் பலகையில் பெரும்பாலும் ஒரு சின்ன உலோகக் குழாய் இருக்கும். சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் குறுக்களவு. காற்று நீக்கி மூடிய அந்தக் குழாய்க்குள், இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம் இரண்டு கால்களோடு நிற்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னழுத்தம் தோன்றும். இதை ழாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880-இல் கண்டறிந்தார்கள். மறுபக்கமாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வளையும். சிப்பில் உள்ள ஒரு பெருக்கிச் சுற்று, படிகத்திலிருந்து வரும் மெல்லிய மின்னலையை வாங்கிப் பெருக்கி அதற்கே திருப்பித் தருகிறது. அதனால் கவையின் கால்கள் ஓயாமல் அதிர்கின்றன.

எவ்வளவு வேகமாக அதிரும் என்பதைக் கால்களின் நீளமும் தடிமனும் தீர்மானிக்கின்றன. தொழிற்சாலையில் கால்நுனியில் பூசியிருக்கும் உலோகத்தை லேசரால் துளித்துளியாக ஆவியாக்குவார்கள். நுனி இலேசாக ஆக, அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நொடிக்கு 32,768 என்ற இலக்கை நெருங்கியதும் நிறுத்திவிடுவார்கள்.

ஏன் முழு எண்ணாக 30,000 இல்லை? 32,768-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 16,384, 8,192, 4,096 என்று குறைந்து, பதினைந்தாவது முறையில் மீதமில்லாமல் 1 வரும். இரண்டால் வகுப்பதுதான் மின்னணுச் சுற்றுக்கு எல்லாவற்றிலும் எளிய வேலை.

அந்த வேலையைச் செய்வது ஃபிளிப்-ஃபிளாப் என்ற சுற்று. பட்டன் வைத்த பால்பாயிண்ட் பேனாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அழுத்தினால் முனை வெளியே வரும், மறுமுறை அழுத்தினால் உள்ளே போகும். முனை ஒரு முழுச் சுற்று போய்வர இரண்டு அழுத்தம் வேண்டும். ஃபிளிப்-ஃபிளாப்பும் அப்படித்தான். ஒரு துடிப்பு வந்தால் 0 நிலையிலிருந்து 1-க்கு மாறும், அடுத்த துடிப்பில் 1-லிருந்து 0-க்குத் திரும்பும். இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒன்றுதான் வெளியே வருகிறது.

இப்படிப்பட்ட கட்டங்களை வரிசையாகக் கோத்து, ஒரு கட்டம் 1-லிருந்து 0-க்கு இறங்கும்போது அடுத்த கட்டம் மாறும்படி இணைக்கிறார்கள். மூன்று கட்டங்களை மட்டும் பார்ப்போம். தொடக்கத்தில் மூன்றும் 0. முதல் துடிப்பில் முதல் கட்டம் 1 ஆகிறது. இரண்டாவது துடிப்பில் அது 0-க்கு இறங்க, அந்த இறக்கம் இரண்டாம் கட்டத்தை 1 ஆக்குகிறது. மூன்றாவதில் முதல் கட்டம் மீண்டும் 1. நான்காவதில் முதல் கட்டம் இறங்கி இரண்டாவதை இறக்க, அது மூன்றாவதை 1 ஆக்குகிறது. எட்டாவது துடிப்பில் மூன்றும் 0-க்குத் திரும்பிவிடும். மூன்று கட்டம் என்றால் எட்டுக்கு ஒன்று, பதினைந்து கட்டம் என்றால் 32,768-க்கு ஒன்று. கடைசிக் கட்டம் அரை நொடியில் 1 ஆகி, முழு நொடியில் 0-க்கு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் திரையில் நொடி எண்ணை மாற்றுகிறது. அதற்கப்பால் நிமிடத்துக்கு 60, மணிக்கு 60, நாளுக்கு 24 என்று எண்ணுவது வழக்கமான கணக்கு.

மாற்றம் ஒவ்வொரு கட்டமாகத் தாவிப் போவதால் நுண்ணிய தாமதம் உண்டு. ஆனால் ஒவ்வொரு நொடியிலும் அதே அளவு தாமதம்தான் என்பதால், அது சேர்ந்து பிழையாக வளர்வதில்லை.

இடைக்கட்டங்களில் கிடைக்கும் துடிப்புகளும் வீணாவதில்லை. மூன்றாம் கட்டத்தில் கிடைக்கும் 4,096 அல்லது நான்காம் கட்டத்தின் 2,048 பீப் ஒலிக்கு ஏற்ற அதிர்வெண். எல்.சி.டி. திரைக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் திரவப்படிகம் நாளடைவில் கெட்டுவிடும். அதனால் 64 அல்லது 32 துடிப்புகள் தரும் கட்டத்தைக் கொண்டு திசையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதிர்வெண்ணை இன்னும் கூட்டினால் துல்லியம் ஏறாதா என்று கேட்கலாம். வேகமான படிகங்கள் உண்டு. ஆனால் இந்தச் சுற்றுகள் நிலை மாறும்போதுதான் மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. பதினைந்து கட்டங்களில் நடக்கும் மொத்த மாற்றங்களில் பாதி முதல் கட்டத்திலேயே நடக்கிறது. அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் செலவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எஃப்-91டபிள்யூ ஒரே பட்டன் பேட்டரியில் சுமார் 7 ஆண்டு ஓடுகிறது. சராசரியாக அது எடுப்பது ஒன்றரை மைக்ரோஆம்பியர் அளவுதான். குறைவான அதிர்வெண் வேண்டுமென்றால் படிகம் பெரிதாக வேண்டும். 1969 டிசம்பரில் வந்த சைக்கோ ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 8,192 அதிர்வில் ஓடியது. பின்னர் தொழில் முழுவதும் 32,768-இல் நிலைகொண்டது.

வகுக்கும் சுற்று தன் பங்குக்கு எந்தப் பிழையும் சேர்க்காது. அதேபோல் படிகத்தின் பிழையை அதுவாகத் திருத்தவும் செய்யாது. ஒரு படிகம் நொடிக்கு 32,769 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிப்புக்கு அது தெரியாது. 32,768 எண்ணியதும் நொடி முடிந்தது என்றுவிடும். நாளுக்கு 86,400 அதிர்வுகள் அதிகப்படியாகச் சேர, கடிகாரம் 2.6 நொடி முந்தும், மாதத்தில் 79 நொடி. நிறுவனம் சொல்லும் 30 நொடிக்குள் நிற்க வேண்டுமானால், நொடிக்கு அரை அதிர்வுகூட விலகக் கூடாது.

வெப்பமும் இதில் கைவைக்கிறது. இந்தக் கவைகள் சுமார் 25 பாகை செல்சியஸில் மிக வேகமாக அதிரும்படி வெட்டப்படுகின்றன. சூடு ஏறினாலும் குளிர் கூடினாலும் வேகம் குறையும். 45 பாகையிலும் 5 பாகையிலும் நாளுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் பிந்தும். கையில் கட்டியிருக்கும்போது உடற்சூடு கடிகாரத்தை ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்த கடிகாரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிழையைத் திருத்தப் பழைய கடிகாரங்களில் ஒரு குட்டி டிரிம்மர் மின்தேக்கி இருந்தது. பழுதுபார்ப்பவர் அதை நுனி மெலிந்த திருப்புளியால் திருகிப் படிகத்தின் வேகத்தைச் சற்றே மாற்றுவார். பிறகு வந்த பல சிப்புகள் திருத்தத்தை எண்ணிக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டன. படிகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, அதிகப்படியான துடிப்புகளை அவ்வப்போது எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். நம் 32,769 படிகம் நிமிடத்துக்கு 60 துடிப்பு கூடுதலாகத் தருகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை 60 துடிப்புகளைத் தள்ளிவிடும்படி சிப்பின் நினைவகத்தில் பதிந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். 59 நொடிகள் இம்மியளவு குட்டையாகவும், ஒரு நொடி சுமார் 1.8 மில்லிநொடி நெட்டையாகவும் போகும். கண்ணுக்கு அது தெரியாது.

சோதனைக் கருவிக்குத் தெரியும். இப்படிப்பட்ட கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவர் இரண்டு நொடி மட்டும் அளந்தால், நாளுக்கு 2.6 நொடி முந்துகிறது என்றே கருவி காட்டும். நல்ல கடிகாரத்தைக் கெட்டுவிட்டது என்று எண்ணி ஒதுக்கவும் நேரலாம். படிகத்தின் அதிர்வையே நேரடியாகப் பிடித்து அளந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் திருத்தம் படிகத்தில் நடப்பதில்லை. அதனால் வகுத்து முடிந்த துடிப்பை எடுத்து, முழுதாக 60 நொடி பொறுத்து அளக்க வேண்டும். தள்ளிவிட்ட துடிப்புகளும் கணக்கில் சேர்ந்த பிறகு காட்டும் எண்தான் அந்தக் கடிகாரத்தின் உண்மையான வேகம்.